பெரிய மரமும் சிறிய பிள்ளையும்: படம் உருவாக்கும் ப்ரொம்ப்டில் அளவைச் சொல்வது எப்படி

எழுத்தை வாசித்துப் படம் வரைந்து தரும் மென்பொருள்களுக்கு நாம் தட்டச்சுச் செய்து கொடுக்கும் வரிக்குப் ப்ரொம்ப்ட் என்று பெயர். அந்த வரியில் எழுதுவதற்கு மிக எளிதாகத் தோன்றி, முதல் தடவையிலேயே ஏமாற்றத்தைத் தரும் காட்சி ஒன்று உண்டு. மிகப் பெரிய ஒன்றின் அருகில் மிகச் சிறிய ஒன்று நிற்கும் காட்சியே அது. மரத்தின் அடியில் ஒரு பிள்ளை, மலையின் முன்னால் ஒரு புகையிரதம், தேயிலைக் கொழுந்தின் மேல் கட்டைவிரல் அளவு மனிதன் என எதை எடுத்தாலும் சிக்கல் ஒன்றுதான். ஆகவே பிள்ளையும் மரமும் என்ற ஒரே காட்சியை எடுத்துக்கொண்டு, எங்கே பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது, எந்தச் சொல்லை மாற்றினால் சரியாகிறது என்பதை இங்கே விளக்குகிறேன்.

எங்கள் தோட்டத்து முன்பள்ளிக்காக எட்டுப் பக்கக் கதைப் புத்தகம் ஒன்றுக்குப் படம் செய்து தரவேண்டி வந்தது. பாடசாலை விட்டு வரும் ஒரு சிறுமி, தேயிலை மலையின் ஓரத்தில் நிற்கும் வயதான மரத்தைத் தொட்டுப் பார்க்கிறாள் என்பதுதான் முதற் பக்கம். நான் எழுதிய முதல் வரி இதுதான்:

```
a tiny child standing in front of a huge tree, tea estate, mist
```

மிகப் பெரிய மரத்தின் முன்னால் மிகச் சிறிய பிள்ளை, தேயிலைத் தோட்டம், மூடுபனி என்பதே இதன் பொருள். ஆங்கிலத்தில் எழுதியதற்குக் காரணம் உண்டு. இத்தகைய மென்பொருள்களில் பல, ஆங்கில விளக்கக் குறிப்புகளுடன் சேர்ந்த படங்களைக் கொண்டே பெரும்பாலும் பயிற்றப்பட்டவை. தமிழில் எழுதினால் சில மென்பொருள்கள் ஓரளவு புரிந்துகொள்ளும் என்றாலும், அளவு, நிலை, தூரம் போன்ற நுணுக்கங்கள் பல தடவை வழியில் கரைந்துபோகின்றன.

வந்த படத்தில் மரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை படத்தின் உயரத்தில் மூன்றிலொரு பங்கை அடைத்துக்கொண்டு நின்றது. தலை உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக, முகம் பொம்மை முகமாக இருந்தது. மரமோ, எந்த வீட்டு முற்றத்திலும் நிற்கக்கூடிய சாதாரண மரம். முன்பள்ளியில் இருந்த சிறுவன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தப் புள்ள ஏறாமலே பழத்தப் பறிச்சிருமே" என்றான். இதைவிடத் துல்லியமான விமர்சனம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வரியில் மூன்று பிழைகள் இருந்தன. முதலாவது பிழை, "மிகப் பெரிய" என்ற அடைமொழியை நம்பியது. அளவு என்பது ஒரு பொருளுக்குள் இருக்கும் குணம் அன்று. இரண்டு பொருள்களுக்கு இடையிலுள்ள விகிதமே அளவு. மரம் பச்சை நிறமானது என்று சொன்னால் மென்பொருளுக்குச் செய்ய வேண்டிய வேலை தெளிவாக இருக்கிறது. மரம் பெரியது என்று சொன்னால், எதைவிடப் பெரியது என்பது அங்கே இல்லை. அதோடு, மனிதர்கள் தங்கள் படங்களுக்கு எழுதிவைத்த குறிப்புகளில் முற்றத்து மாமரமும் பெரிய மரம்தான், பல நூறு வருட ஆலமரமும் பெரிய மரம்தான். அந்தக் குறிப்புகளிலிருந்தே பழகிய மென்பொருள் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றை வரைந்து தருகிறது. முப்பது மீற்றர் என்று எண்ணைக் கொடுத்தாலும் பெரிய மாற்றம் வருவதில்லை, ஏனெனில் படத்தின் குறிப்பில் மரத்தின் உயரத்தை அளந்து எழுதுபவர்கள் மிகக் குறைவு.

இரண்டாவது பிழை, பிள்ளைக்கும் "மிகச் சிறிய" என்ற அடைமொழியைக் கொடுத்தது. நாம் நினைத்தது மரத்தோடு ஒப்பிடும்போது சிறியதாகத் தெரியும் சாதாரணப் பிள்ளையை. மென்பொருள் எடுத்துக்கொண்டது உருவத்திலேயே சிறுத்துப்போன பிள்ளையை. அதனால்தான் கைக்குழந்தையின் தலையும் பொம்மையின் முகமும் வந்தன. இத்தகைய காட்சியில் வழக்கத்துக்கு மாறான அளவு ஒரே ஒரு பொருளுக்குத்தான் இருக்க வேண்டும். மற்றது முழுக்க முழுக்கச் சாதாரணமாக இருந்தால்தான் அது அளவுகோலாகப் பயன்படும். நீளம் தெரியாத தடியால் துணி அளக்க முடியாது அல்லவா? ஆகவே "சிறிய பிள்ளை" என்பதை எடுத்துவிட்டு, "வெள்ளைச் சீருடை அணிந்த ஏழு வயதுப் பாடசாலைச் சிறுமி" என்று எழுதவேண்டும். ஏழு வயதுப் பிள்ளை எவ்வளவு உயரம் என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது பிழை கண்ணுக்கு எளிதில் படாதது, ஆனால் மற்ற இரண்டையும்விடப் பெரியது. "முன்னால் நிற்கும்" என்று எழுதியிருந்தேன். முன்னால் என்றால் மரத்துக்கும் கமராவுக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மென்பொருள்கள் மனிதரைப் பெரிதாகக் காட்டவே விரும்புகின்றன, ஏனென்றால் மனிதர் இருக்கும் படங்களில் பெரும்பாலும் மனிதர்தான் முதன்மை. ஆகவே பிள்ளை கமராவுக்கு அருகே இழுத்து வரப்படுகிறது, மரம் பின்னால் தள்ளப்படுகிறது. இனிப் பிள்ளையின் உருவ அளவைக் கொண்டு மரத்தை அளக்க வழியே இல்லை. அருகில் இருப்பது பெரிதாகத் தெரிவதும் தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிவதும் இயல்புதானே என்று பார்ப்பவரின் கண் கணக்கைத் தீர்த்துவிடுகிறது.

இதற்கு மருந்து, தொடுகை. பிள்ளையின் உள்ளங்கை மரத்தின் அடியில் பதிந்திருந்தால், பிள்ளையும் மரமும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பது உறுதியாகிவிடுகிறது. கை படும் இடம், கால் பதியும் மண், மரத்தின் வேர் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பாருங்கள், வேறெதையும் தொடவேண்டாம். படம் மாறிவிடுவது தெரியும். அருகில், பக்கத்தில், கீழே என்ற சொற்கள் எல்லாம் நெகிழ்வானவை. சாய்ந்திருக்கிறாள், கை வைத்திருக்கிறாள், வேரின் மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்பவை இறுக்கமானவை.

அடுத்ததாக, மரத்தை எவ்வளவு காட்டவேண்டும் என்ற கேள்வி வருகிறது. தொடக்கக்காரர்கள் எல்லோரும், நானும் சேர்த்து, முழு மரத்தையும் காட்ட ஆசைப்படுகிறோம். அது ஏன் சரிவராது என்பதைச் சிறிய கணக்கொன்று காட்டிவிடும். ஏழு வயதுச் சிறுமியின் உயரம் ஏறக்குறைய 1.2 மீற்றர். மரத்தின் உயரம் 30 மீற்றர் என்று வைப்போம். மரம் பிள்ளையைப்போல் 25 மடங்கு உயரம். படம் 1024 பிக்சல், அதாவது 1024 சிறு புள்ளிகள், உயரமானது, மரம் அடியிலிருந்து நுனிவரை அதை நிரப்புகிறது என்றால், பிள்ளைக்குக் கிடைப்பது 1024-ஐ 25-ஆல் வகுத்தால் வரும் 41 பிக்சல். அந்த வயதில் தலை, உடல் உயரத்தில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு. ஆக முகத்துக்கு 7 பிக்சல்தான் மிஞ்சும்.

ஏழு பிக்சலில் கண்ணும் மூக்கும் வரைய முடியாது என்பது ஒரு பக்கம். அதற்கு மேலும் ஒரு தடை இருக்கிறது. 2022-இல் வெளியான ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்ற மென்பொருள்கள் படத்தை நேரடியாக பிக்சல்களில் வரைவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டிலொரு பங்காகச் சுருக்கிய உள்வடிவம் ஒன்றில் முதலில் அமைத்து, கடைசியில்தான் அதைப் பெரிதாக விரிக்கின்றன. 1024 பிக்சல் உயரப் படத்தின் உள்வடிவம் 128 கட்டம் உயரம் கொண்டது. அதில் நம் பிள்ளையின் முழு உயரமும் ஐந்து கட்டம், முகம் ஒரு கட்டத்துக்கும் குறைவு. முகத்துக்கு என்று ஒரு கட்டம்கூட இல்லாத இடத்தில் முகம் எப்படி வரும்? ஒன்று, மென்பொருள் நாம் சொன்ன விகிதத்தை மீறிப் பிள்ளையைப் பெரிதாக்கிவிடும். அல்லது உருக்குலைந்த வெள்ளைப் புள்ளி ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடும். இரண்டும் மென்பொருளின் குறும்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அதே வரியை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மாலை எனக்கு வீணானது.

வழி என்னவென்றால், எவ்வளவு பெரிதாகத் தெரியவேண்டுமோ அவ்வளவு குறைவாக அந்தப் பொருளைக் காட்டுவது. மரத்தின் அடிப்பாகத்தை மட்டும் காட்டி, மேற்பகுதியைப் படத்தின் விளிம்பு வெட்டிச் செல்லும்படி விட்டுவிடவேண்டும். பிள்ளை படத்தின் உயரத்தில் ஆறிலொரு பங்கு என்று வைத்தால் அவளுக்கு 170 பிக்சல் கிடைக்கிறது, உள்வடிவத்தில் 21 கட்டம். சட்டகத்துக்குள் அடங்குவது 7.2 மீற்றர் உயரம் மட்டுமே. சதுரப் படமானால் அகலமும் அதேதான். நான்கு மீற்றர் அகலமான அடிமரம் அதில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். மிச்ச மரம் எவ்வளவு உயரம் போகிறது என்பதைப் பார்ப்பவரின் கண்ணே கட்டிக்கொள்கிறது, அதற்குப் பிக்சல் செலவில்லை. என் அனுபவத்தில், பிள்ளை நான்கிலொரு பங்கைத் தாண்டினால் மரத்தின் பிரமாண்டம் போய்விடுகிறது. பன்னிரண்டில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் பிள்ளை இருப்பதையே தேடவேண்டியிருக்கிறது.

ஆறிலொரு பங்கிலும் முகத்துக்கு 28 பிக்சல்தான் கிடைக்கும் என்பதால் முகம் இன்னும் தெளிவாக வராது. அதற்கு எளிய தந்திரம், பிள்ளையைப் பின்புறமாக நிற்கவைப்பது. மரத்தைப் பார்த்து நிற்பவளின் முகம் நமக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. இரட்டைப் பின்னல், முதுகில் புத்தகப் பை, வெள்ளைச் சீருடை ஆகியவை தூரத்திலிருந்தே பாடசாலைச் சிறுமி என்று சொல்லிவிடும். வெள்ளைச் சீருடைக்கு இன்னொரு பயனும் உண்டு. கருத்த மரப்பட்டைக்கு எதிரே உருவத்தின் எல்லைக்கோடு துல்லியமாகப் பிரிந்து தெரியும். பச்சையோ மண்ணிறமோ அணிவித்தால் பிள்ளை மரத்தோடு கரைந்துபோவாள், அளவுகோலும் அவளோடு போய்விடும்.

இப்போது இரண்டாவது வரியை எழுதலாம்:

```
a seven-year-old schoolgirl in a white uniform, seen from behind,
her palm flat on the trunk of an enormous old tree,
buttress roots rising higher than her head,
the trunk fills the frame and continues beyond the top edge
```

வெள்ளைச் சீருடை அணிந்த ஏழு வயதுச் சிறுமி, பின்புறத் தோற்றம், வயதான பெருமரத்தின் அடியில் உள்ளங்கை பதிந்திருக்கிறது, பலகை வேர்கள் அவள் தலைக்கு மேலே எழுகின்றன, அடிமரம் சட்டகத்தை நிரப்பி மேல்விளிம்பையும் தாண்டிச் செல்கிறது என்று இது சொல்கிறது. மூன்றாம் அடியைக் கவனியுங்கள். பலகை வேர் என்பது அடிமரத்திலிருந்து சுவர்போல் விரிந்து மண்ணில் இறங்கும் வேர். பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் சுற்றுலா போனவர்கள் அத்தகைய வேர்களுக்கு இடையில் நின்று படம் எடுத்திருப்பார்கள். வேர் என்பது காலுக்குக் கீழே இருக்கவேண்டிய ஒன்று. அதுவே தலைக்கு மேலே நிற்கிறது என்றால், மரத்தைப்பற்றி வேறெதுவும் சொல்லத் தேவையில்லை. முப்பது மீற்றர் என்ற எண் செய்யாத வேலையை, பிள்ளையின் உடலைக் கொண்டே அளந்து சொல்லும் இந்த அடி செய்துவிடுகிறது. தலைக்கு மேல், தோளளவு, முழங்கால் மட்டம் போன்ற உடலளவுகள் படக் குறிப்புகளில் நிறைய வருகின்றன என்பதால் மென்பொருளுக்கும் அவை பழக்கமானவை.

அதே பூங்காவின் பெரிய புல்வெளியில் நிற்கும் ஜாவா அத்தி மரத்தைப் படமாக்க விரும்புபவர் வேறு மாதிரி எழுதவேண்டும் என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். அந்த மரத்தின் பெருமை உயரத்தில் இல்லை, குடைபோல் விரிந்த பரப்பில் இருக்கிறது. அதற்கு அகலப் படமும், கிளை நிழலுக்குள் உட்கார்ந்திருக்கும் பல சிறு கூட்டங்களும்தான் அளவுகோல்.

மீண்டும் நம் சிறுமியிடம் வருவோம். இரண்டாவது வரி நல்ல படத்தைத் தந்தாலும், நான்கு படங்களில் ஒன்றில் வேறொரு விபரீதம் வந்தது. மரம் சாதாரணமாகவும் பிள்ளை எலி அளவாகவும் தோன்றினார்கள். விகிதம் சரியாகத்தான் இருந்தது, அளந்தும் பார்த்தேன். இங்கேதான் இந்தப் பாடத்தின் நுட்பமான பகுதி இருக்கிறது. இராட்சத மரத்தின் அருகே சாதாரணப் பிள்ளை என்பதும், சாதாரண மரத்தின் அருகே சுருங்கிப்போன பிள்ளை என்பதும் விகிதத்தில் ஒன்றுதான். எது சாதாரணம் என்பதை இரண்டு பொருள்களால் தீர்க்க முடியாது, மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும்.

அந்தப் படத்தில் பொய்ச் சாட்சி சொன்னவை இலைகள். மரத்தடியில் உதிர்ந்துகிடந்த இலை ஒவ்வொன்றும் சிறுமியின் முதுகுப் பை அளவு இருந்தது. அத்தனை பெரிய இலையை மரத்தடியில் காண்பது அரிது என்பதால், இலை சாதாரணம், பிள்ளைதான் சிறியவள் என்று கண் முடிவுசெய்துவிட்டது. மரப்பட்டையின் வெடிப்புகளும் அப்படித்தான். சிறு மரத்தின் பட்டையை எடுத்துப் பெருக்கி ஒட்டியதுபோல் நாலைந்து பெரிய வெடிப்புகள் இருந்தால் மரம் சிறுத்துவிடும். உண்மையான பெருமரத்தில் நுணுக்கம் பெருகுமே தவிர, நுணுக்கத்தின் அளவு பெருகாது. ஆகவே இலைகள் அவள் விரலைவிடச் சிறியவை, பட்டையில் நுண்ணிய வெடிப்புகள் பல என்று எழுதவேண்டும்.

இன்னொரு பொய்ச் சாட்சி, மங்கல். பிள்ளை தெளிவாகவும் பின்னணி முழுதும் மங்கலாகவும் இருந்தால் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கமராவின் லென்ஸ் மிக அருகில் உள்ள சிறு பொருளைக் குவியத்தில் பிடிக்கும்போதே முன்னும் பின்னும் மிக அதிகமாக அப்படிக் கரைந்துபோகும். பூச்சியையும் பூவையும் எடுத்த படங்களில் அதைப் பார்த்துப் பழகிய கண், மங்கலைக் கண்டவுடன் இது சிறு உலகம் என்று எண்ணிவிடுகிறது. உயரத்திலிருந்து எடுத்த நகரப் படத்தின் மேலும் கீழும் மங்கலாக்கினால் நகரமே விளையாட்டுப் பொருளாகத் தோன்றுவதும் இதனால்தான். ஆகவே பெருமரம் வேண்டுமென்றால் எல்லாம் கூர்மையாகத் தெரியவேண்டும்.

அப்படியானால் மூடுபனி? நுவரெலியாவிலோ ஹட்டனிலோ இருப்பவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. மங்கல் வேறு, பனி வேறு. லென்ஸின் மங்கல் அருகாமையின் அடையாளம், பனியின் வெளிறல் தூரத்தின் அடையாளம். எதிர்மலையின் லயங்கள் பனியில் வெளிறும்போது அவற்றின் கூரைக் கோடுகள் நிறம் குறைந்து தெரிகின்றனவே தவிர, அருகிலுள்ள பூவுக்குப் பின்னால் கரைவதுபோல் கரைவதில்லை. மரத்தின் அடி தெளிவாக இருந்து, மேலே போகப்போக வெளிறி மறைந்தால், நுனி வெகு தூரத்தில் இருக்கிறது என்பது சொல்லாமலே புரிந்துவிடும். ஆனால் வெறுமனே மூடுபனி என்று எழுதினால் அது தரையையும் பிள்ளையையும் சேர்த்து மூடிவிடும், எங்கே பனி என்பதையும் எழுதவேண்டும்.

தேயிலைச் செடி நல்ல மூன்றாவது சாட்சி. கவ்வாத்து வெட்டிக் கொழுந்து பறிக்கும் செடி, வளர்ந்தவரின் இடுப்பு மட்டத்தில் நிற்பது நம் எல்லோருக்கும் தெரியும். கூடை சுமந்த பெண் ஒருவர் பின்னால் இருந்தால் மரம், பிள்ளை, செடி மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும். ஆனால் மென்பொருள் இதை அறிந்து வரையும் என்று நினைத்துவிடக் கூடாது. தேயிலை என்று மட்டும் எழுதியபோது சில தடவை முழங்கால் உயரப் புதரும், ஒரு தடவை ஆளுயர வேலியும் வந்தன. இடுப்பளவு என்ற சொல்லையும் சேர்த்தே எழுதவேண்டும்.

கமராவின் உயரத்தைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பெரிதாகக் காட்டவேண்டுமா, கமராவைத் தாழ்த்தி அண்ணாந்து பார் என்பது பலர் சொல்லும் ஆலோசனை. தனி மரத்துக்கு அது சரி. பிள்ளையும் உடன் இருந்தால், அருகிலிருந்து அண்ணாந்து பார்க்கும் கமரா பிள்ளையையும் கோபுரமாக்கிவிடும். கமராவைப் பிள்ளையின் கண்மட்டத்தில் வைத்துத் தூரம் தள்ளுவதே நல்லது. சமதரையில், கமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்திலேயே அடிவானக் கோடு ஒவ்வொரு பொருளையும் வெட்டிச் செல்லும். கமரா பிள்ளையின் கண்மட்டத்தில் இருந்தால் அவள் கண்ணும், பின்னால் நிற்கும் பெண்ணின் நெஞ்சும், மரத்தின் வேரும் ஒரே கோட்டில் வரும். கோட்டுக்குக் கீழே மரத்தின் ஒரு சிறு பகுதியும் மேலே மற்ற அனைத்தும் இருப்பதைக் கண் தானாகவே அளந்துகொள்ளும். மலைச்சரிவில் இந்தக் கணக்கு பிசகும் என்பதால், மரம் நிற்கும் இடத்தையாவது சமமாக வைத்துக்கொள்வது உதவும்.

ஆகவே இரண்டாவது வரியின் பின்னால் இதைச் சேர்த்தேன்:

```
full-length figure, small in the frame, eye-level camera far back,
everything in sharp focus, upper trunk fading into mist
```

முழு உருவம், சட்டகத்தில் சிறிதாக, கண்மட்டக் கமரா தூரத்தில், எல்லாம் கூர்மையாக, மேல்மரம் பனியில் மறைகிறது. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 60 சொற்கள். ஆரம்பகால ஸ்டேபிள் டிஃபியூஷனில் எழுத்தை வாசிக்கும் பகுதி, சொற்களையும் சொல் துண்டுகளையும் நிறுத்தக் குறிகளையும் சேர்த்து 75 அலகுகளையே ஒரு தடவையில் ஏற்கும். நம் வரி அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. இலையையும் தேயிலையையும் சேர்க்க விரும்பினால் வேறெதையாவது விட்டுக்கொடுக்கவேண்டும். நான் இலையைச் சேர்த்து, "வயதான" என்பதையும் "முழு உருவம்" என்பதையும் நீக்கினேன். தேயிலையை விட்டுவிட்டேன். புதிய மென்பொருள்கள் நீண்ட வரிகளை ஏற்கின்றன, ஆனாலும் அளவைச் சொல்லும் அடிகளை முன்னால் வைப்பது பாதுகாப்பு.

ஒரே வரிக்கு ஒவ்வொரு தடவையும் வேறு படம் வருவதால், எந்தச் சொல் என்ன செய்தது என்று கண்டுபிடிப்பது கடினம். படத்தின் தொடக்கப் புள்ளியைத் தீர்மானிக்கும் எண்ணை, அதாவது `seed` என்று திரையில் தெரிவதை, மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். வந்த படத்தைச் சோதிக்கும் முறையும் எளிது. பிள்ளையின் உயரத்தை ஒரு காகிதத் துண்டில் குறித்து, அதை அடுக்கி மரத்தின்மேல் எண்ணுங்கள். பிறகு பிள்ளையைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். அப்போதும் மரம் பெரிதாகத் தெரிந்தால் இலையும் பட்டையும் உண்மை சொல்கின்றன. சிறுத்துவிட்டால், பிள்ளை மட்டும் தனியாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடைசியாகக் காலைப் பாருங்கள். பாதத்தின் கீழே சிறு நிழல் இல்லையென்றால் அவள் மரத்தடியில் நிற்கவில்லை, மிதக்கிறாள்.

சுருங்கிய பிள்ளைதான் உங்களுக்கு வேண்டும் என்றால், மேலே பிழை என்று சொன்னவை எல்லாம் கருவிகளாக மாறும்:

```
macro photograph, a thumb-sized girl sitting on a tea leaf,
a tea bud rising above her head,
dewdrops a third the size of her head, blurred background
```

இங்கே இலைதான் சாதாரணம், மங்கலான பின்னணிதான் சாட்சி. பனித்துளியின் அளவைச் சற்று யோசித்தே எழுதினேன். கட்டைவிரல் அளவான, ஐந்து சென்ரிமீற்றர் சிறுமியின் தலை எட்டு மில்லிமீற்றர் அளவு இருக்கும். இலையில் தங்கும் பனித்துளி இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் அதிகம் போவதில்லை. தலையளவு துளி என்று எழுதினால் அது கண்ணாடிக் கோளமாகத் தெரியும், தலையில் மூன்றிலொரு பங்கு என்றால் நம்பத்தக்கதாக இருக்கும்.

கதைப் புத்தகத்துக்கு இறுதியில் தேர்ந்த படத்திலும் ஒரு குறை இருந்தது. சிறுமியின் விரல்கள் பட்டையோடு ஒட்டி நான்காகத் தெரிந்தன. அந்த இடத்தை மட்டும் தெரிவுசெய்து, பெரிதாக்கி மறுபடி வரையவைத்துச் சரிசெய்தேன். கை 15 பிக்சலுக்குள் அடங்கியதால் வந்த குறைதான் அது, இடம் கொடுத்தவுடன் விரல்கள் ஐந்தாகின. பிறகு ஹட்டனில் கறுப்பு வெள்ளையில் போட்டோகொப்பி எடுத்தபோது, நான் அத்தனை பாடுபட்டு மேலே ஏற்றிய மூடுபனி முழுவதும் வெறும் வெள்ளைத் தாளாகிப் போனது. வெள்ளைச் சீருடையும் அதன் பின்னால் கறுத்த பட்டையும் அப்படியே இருந்தன. தலைக்கு மேலே எழுந்த வேரும் இருந்தது. அதனால் இரண்டாம் பதிப்புக்குப் பனியை நீக்கிவிட்டு, அந்தச் சொற்களின் இடத்தில் இடுப்பளவு தேயிலையைச் சேர்த்தேன்.